கூட்டப் பதிவேடும் வட்டிப் பங்கீடும்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலாய கரையோர ஊர்களில் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர்ப் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் பல இயங்கலாயின. இத்தகைய குழுவொன்றின் கணக்குப் பெரும்பாலும் ஒரே பதிவேட்டில் அடங்கிவிடும். கூட்டந்தோறும் ஒரு பக்கம். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. சேமிப்பு, கடன் மீளளிப்பு, வட்டி, புதுக்கடன் எனத் தனித்தனி நிரல்கள். ஆண்டிறுதியில் அவ்வேட்டை எவ்வாறு வாசிப்பதென்பதையே ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது வட்டிப் பங்கீடு. பத்துப் பேர் கொண்ட குழுவொன்றை உதாரணமாகக் கொள்வோம். எண்மர் மாதத் தொடக்கந்தோறும் 500 ரூபா செலுத்தினர். இருவர் ஏழாம் மாதத்திற் சேர்ந்து, முந்திய ஆறு மாதத்துக்குரிய 3,000 ரூபாவையும் அன்றே கட்டினர். ஆண்டிறுதியில் எல்லோர் பெயரிலும் 6,000 ரூபாவே இருக்கும். செலவு போக, உண்மையிற் கைக்கு வந்த வட்டி 7,380 ரூபா. ஆளுக்கு 738 எனப் பிரித்தால் நீதியாமோ? ஆகாது. முன்னவர் பணமே நெடுங்காலம் உழைத்தது.

எனவே, செலுத்திய ஒவ்வொரு தொகையையும் அது குழுவிலிருந்த மாதங்களாற் பெருக்குதல் வேண்டும். எண்மருள் ஒருவருக்கு 500ஐ, 12 முதல் 1 வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகையாகிய 78ஆற் பெருக்க 39,000 வரும். பின் வந்தவருக்கு, ஏழாம் மாதத்து 3,500 ஆறு மாதம் இருந்தமையால் 21,000, எஞ்சிய ஐந்து தவணைகளுக்கு 7,500, ஆக 28,500. பதின்மரின் மொத்தம் 3,69,000. வட்டி அதில் நூற்றுக்கு இரண்டாகும். ஆகவே முன்னவர்க்கு 780, பின்னவர்க்கு 570. வரவேண்டியிருந்தும் வராத வட்டியைப் பங்கிடலாகாது. அது பிறர் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்ததாய் முடியும்.

வட்டியை மார்க்கம் விலக்கியதெனக் கொள்ளும் முஸ்லிம் பெண்கள் குழுப்பணத்தைக் கூட்டு வியாபாரத்தில் இட்டு இலாபம் பகிர்வராயின், அங்கும் இம்முறையே பொருந்தும். வட்டியில்லாக் கடனுக்கோ அடுத்த சோதனை மட்டுமே வேண்டற்பாலது.

அது கடன் அறவீட்டுச் சோதனை. ஒரு மாதம் 10,000 ரூபா தவணை வரவேண்டியிருக்க, ஏட்டில் 9,000 வரவாகியிருப்பின், அறவீடு நூற்றுக்குத் தொண்ணூறு என மகிழ்தல் இயல்பு. ஆயின் அதில் 3,000 ஒருவர் பிந்திய தவணைகளுக்கு முன்கூட்டிக் கட்டியதெனின், அம்மாதத் தவணைக்கு வந்தது 6,000 மட்டுமே. உண்மை அறவீடு நூற்றுக்கு அறுபது. தவணை தவறியவர்களை அம்முற்பணம் மறைத்துவிடுகின்றது.

இன்னுமொன்று நோக்குக. ஒருவரின் பழங்கடன் முற்றாக அடைபட்ட அதே பக்கத்தில், அவர் பெயரில் அத்துணையோ அதனினும் மிக்கதோ ஆகிய புதுக்கடன் எழுதப்பட்டிருந்தால், காசு கைமாறாமல் எழுத்து மட்டும் மாறியிருக்கக்கூடும். பெட்டிக் காசு மட்டும் இதனைக் காட்டாது. வரவும் செலவும் ஒத்தே நிற்கும். அவ்வுறுப்பினரின் வரியைப் பல பக்கங்களிலும் தொடர்ந்து படிப்பின், குறையாத கடன் தானே வெளிப்படும்.