மத்தி மீன் ஏலம்: கிலோவுக்கு மீனவர் கையில் மிஞ்சுவது எவ்வளவு?

கொச்சி: கேரளத்தில் 2024-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கிலோ ரூ.350 முதல் ரூ.400 வரை விற்ற மத்தி மீன், வரத்து பெருகியதும் ரூ.20 முதல் ரூ.30 வரை சரிந்தது. தமிழகத்தின் சில பகுதிகளில் சாளை என அழைக்கப்படும் இம்மீனின் விலை இவ்வளவு வேகமாக மாறுவதற்குக் காரணம், அது காத்திருக்க இயலாத சரக்கு என்பதே.

கொழுப்பு மிகுந்த மத்தி, வெயிலில் விரைவாகக் கெடும். வயிறு வெடித்து, கண் சிவந்த மீனுக்கு வியாபாரி உடனே விலையைக் குறைப்பார். அதைத் தடுக்க, வெப்ப மண்டலக் கடற்கரைகளில் ஏறத்தாழ மீனின் எடைக்குச் சமமான பனிக்கட்டி தேவைப்படும். ஒரே காலையில் பல படகுகள் கரை திரும்பினால், முதலில் வந்தவருக்குக் கிடைத்த விலை கடைசியில் வந்தவருக்குக் கிடைப்பதில்லை. சரக்கை மறுநாள் வரை வைத்திருக்க வேண்டுமானால் மீண்டும் பனிக்கட்டிக்குப் பணம் தேவை. ஆகவே, பெரும்பாலும் கேட்ட விலைக்கே விற்க நேரிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு படகு 2,000 கிலோ மத்தியுடன் வருகிறது. எரிபொருள், பனிக்கட்டி செலவு ரூ.24,000 என்று கொள்வோம். கிலோ ரூ.30-க்கு ஏலம் போனால் ரூ.60,000 கிடைக்கும். 5 சதவீதத் தரகு ரூ.3,000, செலவு ரூ.24,000 ஆகியவை போக ரூ.33,000 மிஞ்சும், அதாவது கிலோவுக்கு ரூ.16.50. விலை ரூ.20 ஆனால் மிஞ்சுவது ரூ.14,000, கிலோவுக்கு ரூ.7 மட்டுமே. விலை மூன்றில் ஒரு பங்கு குறைய, வருமானமோ பாதிக்கும் கீழே போய்விடுகிறது. கடலுக்குச் சென்ற செலவு விலையோடு சேர்ந்து குறைவதில்லை. அதே விலையில் 1,000 கிலோ மட்டுமே கிடைத்திருந்தால், அதே செலவுக்கு ரூ.5,000 நட்டம். மிஞ்சும் தொகையிலிருந்துதான் படகு, வலை உரிமையாளரின் பங்கும் தொழிலாளர் பங்கும் பிரிக்கப்படும்.

மீனின் அளவும் விலையைத் தீர்மானிக்கிறது. 2024-இல் குவிந்தவற்றில் குஞ்சு மீன்கள் அதிகம். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைவான மத்தியைப் பிடிக்கத் தடை உள்ளது. சமையலறையில் விரும்பப்படாத சிறு மீன், மீன்தூள் ஆலைகளுக்கு மலிவாகச் செல்கிறது.

இதில் தரகரின் பிடி வேறு வகையானது. வலைக்கும் இயந்திரத்துக்கும் அவர் முன்பணம் தருகிறார். அதற்கு ஈடாக மீனை ஏலம் விடும் உரிமை அவருக்குச் செல்கிறது. பக்கத்துத் துறைமுகத்தில் கூடுதல் விலை கிடைத்தாலும், கடன் உள்ள படகு அங்கு செல்வது எளிதல்ல. கேரள அரசு 2021-இல் இயற்றிய மீன் ஏலச் சட்டம் தரகுக்கு 5 சதவீத உச்சவரம்பு விதித்தது. மேற்கண்ட கணக்கில், ரூ.20 விலையில் அந்தத் தரகு கிலோவுக்கு ரூ.1 மட்டுமே, விலை சரிவால் மீனவர் இழந்தது ரூ.9.50. முன்பணக் கடன் தொடரும் வரை, மீனை எங்கே, எப்போது விற்பது என்பதை அவரால் தனியே முடிவு செய்ய இயலாது.