விசிட்டிங் கார்டு அச்சிடுமுன்

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. சித்தூரிலிருந்து பிரிந்து, திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. அதற்கு முன் அச்சிட்ட விசிட்டிங் கார்டுகளில் ‘திருப்பதி, சித்தூர் மாவட்டம்’ என்றே இருக்கும். அவ்வரியைத் திருத்தி மறுபடி அச்சிடும் வணிகர்கள், அட்டை முழுவதையும் சரிபார்த்துக்கொள்வது நலம்.

மாவட்டப் பெயர் மாறியதே தவிர, அஞ்சல் குறியீட்டு எண் மாறவில்லை. திருப்பதி நகருக்கு 517501, சித்தூருக்கு 517001 என்பனவே தொடர்கின்றன. தொலைபேசி எண்ணில்தான் பலர் தடுமாறுகின்றனர். திருப்பதியின் குறியீடு 0877. ஆனால் நாட்டுக் குறியீட்டுடன் எழுதும்போது அந்தப் பூஜ்யம் நீங்கி +91 877 என்றாக வேண்டும். ‘+91 0877’ என அச்சிட்டால், மலேசியாவிலிருந்து அழைக்கும் பக்தருக்கு இணைப்புக் கிடைக்காது.

அடுத்தது ஓரம். திருப்பதியில் கலம்காரித் துணி விற்கும் ஒருவர், 90 × 54 மில்லிமீட்டர் அட்டையைச் சுற்றி 2 மில்லிமீட்டர் அகலத்தில் கரை ஒன்றை விரும்புகிறார் எனக் கொள்வோம். புடவைக்குக் கரை அழகுதான்! அச்சகத்திலோ தாள்களை அடுக்கி ஒருசேர வெட்டுவார்கள். கத்தி 1 மில்லிமீட்டர் விலகுவது இயல்பு. அவ்வாறு விலகினால் கரை ஒருபுறம் 1, மறுபுறம் 3 மில்லிமீட்டராகி, அட்டை கோணலாகத் தோன்றும். ஆகவே கரையைத் தவிர்ப்பதே மேல். பின்னணி வண்ணம் விளிம்புவரை செல்ல வேண்டுமெனில், கோப்பை நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூட்டி, 96 × 60 அளவில் அமைக்க வேண்டும். இல்லாவிடில் வெட்டிய ஓரத்தில் வெள்ளைக் கீற்றுத் தெரியும். எழுத்துகள் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே, அதாவது 80 × 44 பரப்பிற்குள் அடங்கட்டும். இடம் போதவில்லையென்றால் எழுத்தைச் சிறிதாக்காமல், சில சொற்களைக் குறைக்கலாம். கடையில் விற்கும் பொருள்கள் அனைத்தையும் அட்டையில் பட்டியலிடத் தேவையில்லை.

வெள்ளைத் தாளில் மஞ்சள், பொன்னிற எழுத்துகள் கணினித் திரையில் பளிச்சிடும், தாளில் மங்கும். வெளிர் சாம்பல் எழுத்து நுண்புள்ளிகளாகவே அச்சாவதால் அதன் விளிம்பு சிதையும். கரும்பழுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை இடுவதிலும் ஓர் இடர் உண்டு. நான்கு வண்ண அச்சில் ஒரு வண்ணம் சற்றே விலகினாலும், தமிழ், தெலுங்கு எழுத்துகளின் சிறு சுழிகள் அடைபட்டுவிடும். தொலைபேசி எண்ணையும் முகவரியையும் வெண்ணிறப் பரப்பில், கறுப்பு மை ஒன்றினால் மட்டுமே அச்சிடச் சொல்லுங்கள்.

மாதிரிப்படி வந்ததும் அதைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துப் பாருங்கள். நகலில் மறையும் வரி, மங்கிய விளக்கொளியில் முதியவர் கண்ணுக்கும் புலப்படாது. பின்னர் அப்படியில் உள்ள எண்ணை, நினைவிலிருந்து அல்லாமல் பார்த்துப் பார்த்தே, வேறொரு கைபேசியில் அழுத்துங்கள். கடைத் தொலைபேசி ஒலித்தால் அச்சகத்துக்கு ஒப்புதல் கொடுக்கலாம்.