‘இல்லையா’வும் ‘இல்லையே’யும்

“சாப்பிட்டாயா?” என்று கேட்டால் “இல்லை” என்கிறோம். “சாப்பிடுகிறாயா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்கிறோம். நடக்காத செய்திக்கு ஒரு சொல், விரும்பாததற்கு ஒரு சொல். இந்தப் பிரிவு நமக்கு மூன்று வயதிலேயே வந்துவிடுகிறது. பழைய கிரேக்க மொழியிலும் ஏறக்குறைய இப்படித்தான். ‘ஊ’ என்பது உண்மையை மறுக்கும். ‘மே’ என்பது விருப்பத்தை, எண்ணத்தை மறுக்கும். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்குபவர் இந்த இரண்டையும் வெறும் ‘இல்லை’யாக எடுத்துக்கொண்டால் சிக்கல்தான்.

முதலில் கட்டளைகள். ‘செய்யாதே’ என்று தடுக்க வேண்டுமானால் கிரேக்கர் ‘மே’யைத்தான் எடுப்பார்கள். ஏவல் வினையோடு ‘ஊ’ சேராது. ஆனால் பத்துக் கட்டளைகளில் ‘ஊ’ வருகிறது. காரணம் எபிரேய மூலம். அங்கே கட்டளை, மறுப்புச் சொல்லும் நிறைவுறா வினையுமாக இருக்கிறது. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதை அப்படியே ‘ஊ’ என்றும் எதிர்கால வினை என்றும் வைத்துவிட்டார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் போட்டால் ‘கொலை செய்யமாட்டாய்’ என்று வரும். தமிழில் இது கட்டளையே அல்ல. “நீ திருடமாட்டாய், எனக்குத் தெரியும்” என்று மகனிடம் அம்மா வைக்கும் நம்பிக்கையின் குரல் அது.

பணக்காரன் ஒருவன் இயேசுவிடம் வந்து நித்திய வாழ்வைப் பற்றிக் கேட்கும் காட்சி இதற்கு நல்ல சாட்சி. மத்தேயு 19:18இல் இயேசு கட்டளைகளை ‘ஊ’வோடு, சட்டப் புத்தகத்தின் நடையிலேயே சொல்கிறார். மாற்கு 10:19இல் அதே கட்டளைகள் ‘மே’யோடு வருகின்றன. பொருள் ஒன்றுதான், இதில் இறையியல் வேறுபாடு தேடுவது வீண்வேலை. ஆனால் தொனி வேறு. நானாக இருந்தால் மத்தேயுவில் ‘கொலை செய்யக் கூடாது’ என்றும், மாற்கில் ‘கொலை செய்யாதே’ என்றும் எழுதுவேன். முன்னது சுவரில் எழுதிய சட்டம். பின்னது எதிரே நிற்பவன் முகத்தைப் பார்த்துச் சொன்னது.

கேள்விகளில்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. ‘ஊ’வில் தொடங்கும் கேள்வி ‘ஆம்’ என்ற பதிலை எதிர்பார்க்கிறது. ‘மே’யில் தொடங்கும் கேள்வி ‘இல்லை’ என்ற பதிலை எதிர்பார்க்கிறது, அல்லது கேட்பவரின் தயக்கத்தைக் காட்டுகிறது.

யோவான் 18ஆம் அதிகாரத்தில் பேதுரு பிரதான ஆசாரியரின் வீட்டு வாசலில் நிற்கிறார். உள்ளே போக வழி செய்தவர் அந்த வீட்டுக்குப் பழக்கமான இன்னொரு சீடர். வாசல் காக்கும் பெண் பேதுருவைக் கேட்கிறாள். அவள் கேள்வி ‘மே’யில் தொடங்குகிறது: “நீயும் அந்த ஆளோட சீடன் இல்லையே?” பதிலை அவளே எடுத்துக் கொடுக்கிறாள். “இல்லை” என்று சொல்லிவிட்டு உள்ளே போவது எவ்வளவு எளிது! பேதுரு அதைத்தான் செய்கிறார். பிறகு குளிருக்குக் கரி நெருப்பு மூட்டி நின்றவர்கள் கேட்கிறார்கள். அதுவும் ‘மே’தான். மறுபடியும் எளிதான “இல்லை”.

மூன்றாவதாகக் கேட்பவன் வேறு மாதிரி. பேதுரு காதை வெட்டினாரே மல்குஸ், அவனுடைய உறவினன். அவன் கேள்வி ‘ஊ’வில் தொடங்குகிறது. (அடுத்து உயிரெழுத்து வருவதால் அது ‘ஊக்’ என்று ஒலிக்கும்.) “தோட்டத்தில் அவனோடு உன்னை நான் பார்க்கவில்லையா?” ‘ஆம்’ என்பதைத் தவிர வேறு பதிலுக்கு அவன் இடமே வைக்கவில்லை. முதல் இரண்டு பொய்கள் வழுக்கி விழுந்தவை. மூன்றாவது, கண்ணால் பார்த்த சாட்சியின் முகத்துக்கு நேரே சொன்னது. உடனே சேவல் கூவுகிறது.

மூன்றையும் ‘நீ சீடனா?’, ‘பார்த்தேன் அல்லவா?’ என்று பொத்தாம்பொதுவாகப் பெயர்த்தால் இந்தப் படிக்கட்டு மறைந்துபோகும். தமிழில் ‘இல்லையே?’வுக்கும் ‘இல்லையா?’வுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். அந்த ஓரெழுத்து போதும்.

ஆனால் ‘மே’யைக் கண்ட இடமெல்லாம் ‘இல்லையே’ போட முடியாது. யோவான் 4:29இல் சமாரியப் பெண் ஊராரிடம் கேட்கும் கேள்வியிலும் ‘மே’யின் வகைதான், ‘மேதி’ என்ற வடிவத்தில். ஆனால் அவளோ குடத்தை விட்டுவிட்டு ஓடி வந்தவள்; ‘இவர் மேசியா இல்லையே?’ என்று கேட்டிருக்கமாட்டாள். நெஞ்சில் நம்பிக்கை, நாக்கில் தயக்கம். இதற்குத் தமிழில் ஓகாரம் இருக்கிறது: “இவர் மேசியாவாக இருப்பாரோ?” எதைப் போடுவது என்பதை இலக்கண விதி மட்டும் சொல்லாது; கேட்பவர் அதற்கு முன் என்ன சொன்னார், என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் வேதாகமம் இருந்தால் யோவான் 18இல் 17, 25, 26ஆம் வசனங்களின் கேள்விகளை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூன்றும் ஒரே தொனியில் ஒலித்தால், அங்கே ‘மே’யும் ‘ஊ’வும் கலந்துவிட்டன என்று பொருள்.