டாப்-அப் கடன்: வட்டியோடு வருடத்தையும் பாருங்கள்

வீடு கட்டிப் பதினைந்து வருடம் ஆகிவிட்டால் அது செலவு கேட்க ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் மொட்டைமாடித் தளம் ஓதம் காட்டும், பாத்ரூம் சுவரில் பெயின்ட் உப்பிக்கொண்டு வரும், பழைய வயரிங் இரண்டு ஏசியைத் தாங்காது. கையில் அவ்வளவு பணம் இருக்காது. வீட்டுக்கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அதே வங்கியில் டாப்-அப் கேட்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான். பத்திரம் ஏற்கெனவே வங்கியிடம் இருக்கிறது. நீங்கள் தவணை கட்டும் லட்சணமும் அவர்களுக்குத் தெரியும். அதனால் தனிநபர் கடனைவிட வட்டி நன்றாகவே குறையும். வீட்டுக்கடன் வட்டியைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கும்.

ஒரு குடும்பத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். தாம்பரம் பக்கம் ஒரு பழைய தனி வீட்டை எட்டு வருடத்துக்கு முன் வாங்கினார்கள். 30 லட்சம் கடன், 20 வருடம், 8.5 சதவீத வட்டி, மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். எட்டு வருடம் ஒழுங்காகக் கட்டியும் அசல் பாக்கி ஏறக்குறைய 23.5 லட்சம் நிற்கிறது. முதல் வருடங்களின் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும் என்பதுதான் காரணம். இப்போது மாடித் தளம், இரண்டு பாத்ரூம், வயரிங் எல்லாம் சேர்த்து மேஸ்திரி போட்ட எஸ்டிமேட் 6 லட்சம்.

மனு கொடுத்ததும் வங்கி இரண்டு கணக்குப் போடும். முதலாவது, வீட்டின் மதிப்பு. மதிப்பீட்டாளர் இன்று 50 லட்சம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதில் 75 சதவீதம் வரை கொடுக்கும் என்றால் 37.5 லட்சம். பழைய பாக்கியைக் கழித்தால் 14 லட்சம் வரை இடமிருக்கிறது. இரண்டாவது, வருமானம். கைக்கு வரும் சம்பளம் 70,000. எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதில் பாதியைத் தாண்டக்கூடாது என்று வங்கி பார்த்தால், 35,000-க்குள் அடங்க வேண்டும். ஏற்கெனவே 26,000 போகிறது. புதுத் தவணைக்கு மிச்சம் 9,000-க்குச் சற்றுக் குறைவு. இந்த இரண்டில் எது சின்னதோ அதுதான் உங்கள் எல்லை. வீட்டு மதிப்பை மட்டும் மனதில் வைத்து மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வரும் நாளும் முக்கியம். அவர் கையில் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல் இருக்கும். டேப்பை வைத்து அறைகளை அளப்பார், படியேறி மாடிக்குப் போவார். வரைபடத்தில் இல்லாத ஓர் அறை மாடியில் நின்றால் அதை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். அந்த அறைக்கு மதிப்புப் போடாமல் விடலாம். விதிமீறல் பெரிதென்றால் மனுவே நின்றுபோகலாம். டைல்ஸ் மாற்றுவது, பூச்சு வேலை, பெயின்ட் இவற்றால் சிக்கல் வராது. புதிதாக மாடி எழுப்புவது வேறு சங்கதி. அதற்குக் கட்டட அனுமதி வேண்டும், வங்கியில் அதற்கென்று தனிக் கடன் வகையும் உண்டு.

பணத்தை எதற்குச் செலவழிக்கிறீர்கள் என்ற கேள்வியும் இப்போது கூடியிருக்கிறது. டாப்-அப் கடன்கள் வேகமாகப் பெருகுவதையும், சில நிறுவனங்கள் அந்தப் பணம் எங்கே போகிறது என்று கண்காணிக்காததையும் 2024 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியின் அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் வெளிப்படையாகவே சுட்டிக்காட்டினார். ஆகவே பொறியாளர் கையெழுத்திட்ட எஸ்டிமேட்டோடு போங்கள், வேலை நடக்கும்போது பில்களைச் சேர்த்து வையுங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வரிக்கணக்கிலும் அவை உதவும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடனுக்கு வருடம் 30,000 ரூபாய் வரையிலான வட்டிக்குக் கழிவு உண்டு. ஆனால் அது வீட்டுக்கடன் வட்டிக்கான 2 லட்சம் என்ற மொத்த வரம்புக்குள்தான் அடங்கும்.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் வருடக் கணக்கு. வீட்டுக்கடனில் 12 வருடம் பாக்கி இருக்கிறதே, டாப்-அப்பையும் 12 வருடத்துக்குப் போட்டுவிடலாம் என்று வங்கியில் சொல்வார்கள். 6 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் தவணை 6,830 ரூபாய்தான் வரும். கேட்க இதமாக இருக்கும். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 3.83 லட்சம் ஆகியிருக்கும். அதே 6 லட்சத்தை 13 சதவீதத்துக்குத் தனிநபர் கடனாக வாங்கி ஐந்து வருடத்தில் கட்டினால் வட்டி 2.19 லட்சம். வட்டி விகிதம் குறைந்த கடன்தான் இங்கே அதிகம் விழுங்குகிறது. இத்தனைக்கும் பெயின்ட் ஆறேழு வருடத்தில் மறுபடி அடிக்க வேண்டிவரும். பழைய பெயின்ட்டுக்கான தவணை அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

நம் குடும்பத்தால் ஐந்து வருடத்துக்குப் போக முடியாது, தவணை 12,455 ஆகிவிடும். எட்டு வருடம் என்றால் 8,790. வருமான எல்லைக்குள் நிற்கிறது, வட்டி 2.44 லட்சம். இதற்குமேல் அவர்களிடம் ஒரு வழி இருக்கிறது. மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடன், டாப்-அப் இரண்டையும் முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கி அபராதம் வாங்க முடியாது. வருடத்துக்கு ஒருமுறை வரும் போனஸில் 30,000 ரூபாயை இதில் போட்டுக்கொண்டே வந்தால், ஆறாவது வருடம் முடிவதற்குள் கடன் தீர்ந்துவிடும். வட்டியும் சுமார் 1.77 லட்சத்தோடு நின்றுவிடும். அப்படிக் கட்டும்போது ‘தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் சில கிளைகளில் தவணையைக் குறைத்துவிட்டுக் காலத்தை அப்படியே வைத்துவிடுகிறார்கள்.

கையெழுத்துப் போடும் முன் முக்கிய விவரக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் இதைக் கொடுப்பது கட்டாயம். செயலாக்கக் கட்டணம், சட்ட ஆலோசனை, மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் சேர்த்து உண்மையில் எத்தனை சதவீதம் விழுகிறது என்பது அதில் இருக்கும். ஆயுள் காப்பீட்டு பிரீமியம் ஒன்று கடன் தொகையோடு சேர்ந்திருக்கிறதா என்றும் அதிலேயே பாருங்கள். நீங்கள் கேட்காமல் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். ‘இது இல்லாமல் கடன் இல்லை’ என்றால் அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

போன கையோடு பழைய கடனின் வட்டியையும் கேட்டுவிடுங்கள். 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் ரெப்போ விகிதத்தோடு இணையாமல் பழைய முறையிலேயே கிடக்கலாம். மாற்றிக்கொண்டு அரை சதவீதம் குறைந்தாலும், 23.5 லட்சம் பாக்கியில் முதல் வருடம் மட்டும் 11,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். அதற்கு ஒரு சிறு கட்டணம் கேட்பார்கள், கொடுக்கலாம்.

டாப்-அப்பும் அதே பத்திரத்தின் மேல்தான் நிற்கிறது. வீட்டுக்கடன் முடிந்து டாப்-அப் பாக்கி இருந்தால் பத்திரம் கைக்கு வராது. வீட்டை விற்கவோ பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவோ நினைப்பவர்கள் இதையும் யோசித்து வருடத்தை முடிவுசெய்ய வேண்டும். இரண்டும் தீர்ந்தபின் 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.