5,073 மாணவர்கள் 362 ஆன கணக்கு

2001 டிசம்பரில் பீசா தேர்வின் முதல் முடிவுகள் வெளிவந்தபோது ஜெர்மனி ஆடிப்போனது. ஓ.இ.சி.டி. அமைப்பு 2000ஆம் ஆண்டு 15 வயது மாணவர்களிடம் நடத்திய அந்தத் தேர்வில், வாசிப்புத் திறனில் ஜெர்மனியின் சராசரி 484. ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 500. அந்த 16 மதிப்பெண் பள்ளத்தைப் பற்றி நாடே பேசியது; 'பீசா அதிர்ச்சி' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அதே தரவுக்குள் இருந்த இன்னோர் எண்ணுக்கு அவ்வளவு கவனம் கிடைக்கவில்லை. ஜெர்மன் பள்ளிகளைப் பற்றி சராசரியைவிட அதிகம் சொன்னது அந்த எண்தான் என்பேன். அது 0.59.

இதற்குப் புள்ளியியலில் உள்குழு ஒட்டுறவு என்று பெயர். மாணவர்களின் மதிப்பெண்கள் ஏறி இறங்குகின்றன அல்லவா, அந்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கு பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையிலானது என்பதை அது சொல்கிறது. ஜெர்மனியில் வாசிப்பு மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் 111. அதன் வர்க்கம் சுமார் 12,300. இதில் ஏறக்குறைய 7,300 பள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. மீதி 5,000 மட்டுமே ஒரே பள்ளிக்குள் படிக்கும் பிள்ளைகளுக்கு இடையிலானது. 7,300ஐ மொத்தத்தால் வகுத்தால் 0.59 வருகிறது. பின்லாந்தில் இதே எண் 0.12 அளவில்தான் இருந்தது. அங்கே எந்தப் பள்ளிக்குப் போனாலும் கெட்டிக்காரரும் திணறுபவரும் கலந்தே இருப்பார்கள்.

ஜெர்மனியில் ஏன் இவ்வளவு? பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், அதாவது பத்து வயதிலேயே, பிள்ளைகள் பிரிக்கப்பட்டார்கள். பல்கலைக்கழகத்தை நோக்கிப் போகிறவர்கள் கிம்னாசியத்துக்கு, அடுத்த நிலையில் இருப்பவர்கள் ரியால்ஷூலேவுக்கு, மற்றவர்கள் ஹாப்ட்ஷூலேவுக்கு. ஜெர்மனியில் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த நான்காம் வகுப்புப் பரிந்துரையின் கனம் நன்றாகத் தெரியும். ஐந்து வருடம் கழித்து பீசா வந்து அளந்தபோது, ஒரு பள்ளிக்குள் இருந்தவர்கள் ஏற்கெனவே ஒரே மாதிரியானவர்களாகச் சலித்தெடுக்கப்பட்டிருந்தார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஜெர்மனியில் தேர்வு எழுதியவர்கள் 5,073 பேர். ஆனால் அவர்களை நாடெங்கும் இருந்து தனித்தனியாகப் பொறுக்கவில்லை. முதலில் 219 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பள்ளிகளுக்குள் மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பள்ளிக்குச் சராசரியாக 23 பேர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே பானையில் 23 பருக்கைகளை எடுத்து நசுக்கிப் பார்த்தாலும் கடைசிப் பருக்கை புதிதாக எதையும் சொல்லிவிடாது. உள்குழு ஒட்டுறவு ஏற ஏற, ஒரு பள்ளியின் 23ஆவது மாணவரிடமிருந்து கிடைக்கும் புதுத் தகவல் குறைகிறது.

எவ்வளவு குறைகிறது என்பதற்குச் சூத்திரம் உண்டு. கூறெடுப்பு முறைகளைப் பற்றி 1965இல் பெரிய நூல் எழுதிய லெஸ்லி கிஷ் பரப்பியது அது:

1 + (m − 1) × ρ

m என்பது ஒரு பள்ளியில் எடுத்த மாணவர் எண்ணிக்கை, ρ உள்குழு ஒட்டுறவு. 1 + 22 × 0.59 என்றால் ஏறத்தாழ 14. ஆகவே 5,073ஐ 14ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 362. பள்ளி பள்ளியாகத் திரட்டிய 5,073 பேரின் விடைத்தாள்கள், நாடு முழுக்கச் சிதறலாகப் பிடித்த 362 பேரின் தாள்கள் அளவுக்கே துல்லியம் தரும்.

இதைப் பொருட்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும்? ஒரு கற்பனைச் சோதனை. 219 பள்ளிகளில் பாதியைக் காசு சுண்டித் தேர்ந்தெடுத்து, எந்தப் பயனும் இல்லாத ஒரு வாசிப்புப் பயிற்சியைக் கொடுக்கிறோம். பிறகு 5,073 பேரும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள் என்று எண்ணிக்கொண்டு வழக்கமான பரிசோதனையைச் செய்கிறோம். நூற்றுக்கு ஐந்து முறைதான் தவறாக 'பயன் உண்டு' என்று வர வேண்டும். உண்மையில் ஏறக்குறைய அறுபது முறை அப்படி வரும். திட்டப் பிழை 14இன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 3.7 மடங்கு, குறைத்துக் காட்டப்படுவதே காரணம். கண்டுபிடிக்கும் வழி எளிது: அதே தரவைப் பள்ளிக்கு ஒரு சராசரி என்று சுருக்கி, 219 எண்களை மட்டும் வைத்து மீண்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த 'பயன்' பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 362 பேர் என்ற கணக்குப்படி 484 என்ற சராசரியின் திட்டப் பிழை 5.8 ஆக இருக்க வேண்டும். பீசா அறிக்கை கொடுத்ததோ 2.5. அது சுமார் 2,000 பேருக்குச் சமமான துல்லியம். அறிக்கை தவறில்லை. கூறெடுக்கும்போதே பள்ளிகளை வகைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வகையிலிருந்தும் உரிய பங்கை எடுத்திருந்தார்கள். பள்ளிகளுக்கு இடையிலான வேறுபாட்டின் பெரும்பகுதி கிம்னாசியத்துக்கும் ஹாப்ட்ஷூலேவுக்கும் இடையிலானது. அந்தப் பங்கு முன்கூட்டியே நிர்ணயமாகிவிட்டதால் தற்செயலுக்கு இடம் குறைந்துவிட்டது. பள்ளி வகையைக் கணக்கில் சேர்த்துவிட்டால் 0.59 வெகுவாக இறங்கிவிடும். எதைக் கணக்கில் சேர்த்த பிறகு அளந்தார்கள் என்று தெரியாமல், வேறோர் ஆய்வின் உள்குழு ஒட்டுறவை எடுத்து நம் ஆய்வில் பொருத்துவது ஆபத்து.

பிழையைச் சரிசெய்வது ஒரு பாதிதான். பல அடுக்கு மாடல் அதற்கு மேலும் ஒன்றைச் செய்கிறது. ஒரு மாணவரின் மதிப்பெண்ணை நாட்டின் சராசரி, அவர் பள்ளியின் ஏற்றம் அல்லது இறக்கம், அவருடைய சொந்த ஏற்றம் அல்லது இறக்கம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. பெற்றோரின் வசதியும் படிப்பும் மதிப்பெண்ணை எவ்வளவு உயர்த்துகின்றன என்று சாதாரண மாடலில் கேட்டால் ஒரே சரிவு கிடைக்கும். பல அடுக்கு மாடலில் மாணவரின் குடும்பப் பின்னணியையும் பள்ளியின் சராசரிப் பின்னணியையும் தனித்தனியாகப் போட்டால், ஜெர்மனியில் இரண்டு வேறு சரிவுகள் தெரிகின்றன. ஒரே பள்ளிக்குள் வசதியான பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் இடையிலான வேறுபாடு சிறியது. வசதியானவர்கள் கூடியிருக்கும் பள்ளிக்கும் மற்றப் பள்ளிக்கும் இடையிலானது மிகப் பெரியது. அதை அப்படியே 'பள்ளியின் சாதனை' என்று படித்துவிடக் கூடாது. பத்து வயதில் மதிப்பெண் பார்த்துச் சலித்ததும் அந்தப் பெரிய சரிவுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. பள்ளிச் சராசரியைப் போடாமல் விட்டாலும் சிக்கல்: பள்ளியின் ஏற்ற இறக்கத்துக்கும் மாணவரின் பின்னணிக்கும் தொடர்பில்லை என்று மாடல் வைத்துக்கொள்ளும், ஜெர்மனியில் அது துளியும் பொருந்தாது.

ஆம்–இல்லை என்ற விடை உள்ள கேள்விகளில் இரண்டாவது வழி கைகொடுக்கிறது. பீசா 2000இல் ஜெர்மனியின் 15 வயதினரில் சுமார் 23 சதவீதம் பேர் வாசிப்பில் முதல் நிலையையோ அதற்கும் கீழான நிலையையோ தாண்டவில்லை. இந்த நிலையில் இருப்பதற்கும் குடும்பப் பின்னணிக்கும் நாடளவில் என்ன தொடர்பு என்பதே கேள்வி என்றால், 1986இல் லியாங்கும் ஸீகரும் முன்வைத்த பொதுமைப்படுத்திய மதிப்பீட்டுச் சமன்பாடுகள், சுருக்கமாக ஜி.இ.இ., பொருத்தமானவை. ஒரு பள்ளிப் பிள்ளைகளின் விடைகள் எப்படி ஒட்டியிருக்கும் என்று அது தோராயமாக ஊகித்துக்கொள்கிறது. ஊகம் தவறினாலும் பள்ளிகளுக்கு இடையே உண்மையில் தெரியும் சிதறலைக் கொண்டு திட்டப் பிழையைத் திருத்திக்கொள்கிறது.

இரண்டு வழிகளும் ஒரே எண்ணைத் தராது. ஒரே பள்ளிக்குள் ஒப்பிடும்போது ஒரு காரணி பின்தங்கும் சாத்திய விகிதத்தை இரு மடங்காக்குகிறது என்று பல அடுக்கு மாடல் சொன்னால், ஒட்டுறவு 0.5 இருக்கும் தரவில் ஜி.இ.இ. சுமார் 1.6 மடங்கு என்று சொல்லும். இரண்டும் சரி. முதலாவது ஒரு பள்ளிக்குள் நிற்கும் தலைமையாசிரியரின் கேள்விக்கு விடை, இரண்டாவது கல்வி அமைச்சரின் கேள்விக்கு.

ஜி.இ.இ.யின் திருத்தத்துக்கு நிறையக் குழுக்கள் தேவை. நாற்பதுக்குக் கீழே போனால் திட்டப் பிழை மறுபடியும் சிறிதாகத் தெரியத் தொடங்கும். 219 பள்ளிகளைக் குழுக்களாக வைத்தால் கவலையில்லை. அதே தரவில் ஜெர்மனியின் 16 மாநிலங்களைக் குழுக்களாக வைத்தால், மொத்தம் 5,073 பேர் தேர்வு எழுதியிருந்தாலும், கைவசம் இருப்பவை பதினாறு குழுக்கள்தான்.