முத்ரா லோன் வாங்கப் போறீங்களா? பேங்க் போகும் முன் டிக் அடிக்க வேண்டியவை இவைதான்!

வந்தவாசி பஜாரில் வாடகைக் கடையில் கோரைப் பாயும் புடவையும் விற்கும் ஒரு பெண், தீபாவளிக்கு ஆரணிப் பட்டு இறக்க 1.5 லட்சம் ரூபாய் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ‘சிசு’, அதற்கு மேல் 5 லட்சம் வரை ‘கிஷோர்’. இவருடையது கிஷோர். அடமானம் கேட்க மாட்டார்கள். அதனால் பேங்க் மேனேஜர் துருவிப் பார்ப்பது பேப்பரைத்தான். என்னென்ன வேண்டும்?

☐ ஆதார், பான், பாஸ்புக்: மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பெயரைப் படிங்க. நம்மூரில் பலர் மாட்டுவது இங்கேதான். ஆதாரில் ‘எம். செல்வி’ என்று இருக்கும். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் அதில் அப்பா பெயரும் சேர்ந்து ‘செல்வி முருகன்’ ஆகியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கிய பாஸ்புக்கில் கணவர் பெயர் வேறு! முதலில் இதைச் சரிசெய்யுங்கள். மற்ற எல்லா பேப்பரும் இதை நம்பித்தான் இருக்கு.

☐ உத்யம் சான்றிதழ்: udyamregistration.gov.in தளத்தில் இலவசம். ஆதாருடன் இணைத்த செல்போனுக்கு ஓடிபி வரும். அந்த சிம் கையில் இருக்கணும்.

☐ கடை முகவரி: வாடகை ஒப்பந்தம், நகராட்சி உரிமம், உத்யம் மூன்றிலும் ஒரே கதவு எண் இருக்க வேண்டும். ஒன்றில் பழைய எண், இன்னொன்றில் புது எண் என்றால் கடையைப் பார்க்க வரும் பேங்க் ஊழியருக்குக் குழப்பம்தான்.

☐ 6 மாத பேங்க் ஸ்டேட்மென்ட்: கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு யார் கணக்கில் இருக்கு? மகன் கணக்கு என்றால், கடையில் நடக்கும் வியாபாரம் அம்மாவின் ஸ்டேட்மென்ட்டில் தெரியவே தெரியாது. தினமும் 3,000 ரூபாய்க்கு விற்றாலும் பேப்பரில் பூஜ்யம். இதை ஒரே நாளில் சரிசெய்ய முடியாது. தீபாவளிக்குக் கடன் வேண்டுமென்றால் சித்திரையிலேயே க்யூஆரை மாற்றிவிடுவது நல்லது.

☐ கொட்டேஷன்: என்ன சரக்கு, எத்தனை, என்ன விலை என்று மொத்த வியாபாரி லெட்டர்பேடில் தருவது. கடைக்காரர் பெயருக்கே எழுதி வாங்குங்க. கேட்கும் கடன் தொகைக்கு இதுதான் கணக்கு.

☐ பழைய கடன்: முடித்த நகைக்கடன், டூவீலர் கடனுக்கு ‘பாக்கி இல்லை’ கடிதம். சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகப் பார்க்கலாம். கட்டி முடித்த கடன் அதில் இன்னும் திறந்தே இருந்தால், அந்தக் கடிதத்தைக் காட்டித் திருத்தச் சொல்லலாம்.

☐ போட்டோ 2, சாதிச் சான்றிதழ் (எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினர் மட்டும்).

☐ வருமான வரித் தாக்கல், பேலன்ஸ் ஷீட்: முத்ரா பட்டியல்படி 2 லட்சம் ரூபாயிலிருந்துதான் இவை தேவை. 1.5 லட்சம் கேட்பவர் இதற்காக ஆடிட்டருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

☐ ஒப்புகைச் சீட்டு: விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கும். தேதியும் சீலும் போட்டு வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீங்க.