லக்சா குழம்பைக் குடித்தீர்களா?

சிங்கப்பூர் உணவங்காடியில் காலையில் வரிசையில் நிற்பவர்கள் கேட்பது கோப்பிதான். ஆனால் கோப்பி என்று மட்டும் சொன்னால் இனிப்பான கெட்டி டின்பால் ஊற்றிக் கொடுப்பார்கள். கோப்பி ஓ என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. கோப்பி சி என்றால் இனிப்பில்லாத டின்பாலும் சர்க்கரையும். எதோடும் கோசோங் என்று சேர்த்துச் சொன்னால் சர்க்கரை போடமாட்டார்கள். ஒரு மருத்துவ ஆய்வுக்கான வினாத்தாளில் "காப்பி: ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை?" என்று ஒரே வரி இருந்தால், இந்த நான்கு பேரும் ஒரே பதிலை எழுதிவிட்டுப் போவார்கள். அவர்கள் உடலுக்குள் போன சர்க்கரையும் கொழுப்பும் நான்கு விதம்.

இப்படிப்பட்ட வினாத்தாளுக்கு உணவு அலைவெண் வினாத்தாள் என்று பெயர். ஒரு நீண்ட உணவுப் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றையும் கடந்த ஓராண்டில் எவ்வளவு அடிக்கடி சாப்பிட்டீர்கள், ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். சாப்பிட்ட தடவையை அளவாலும், அந்த உணவிலுள்ள சத்தாலும் பெருக்கி, எல்லா வரிகளையும் கூட்டினால் அவர் தினம் சராசரியாக எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு நார்ச்சத்து சாப்பிடுகிறார் என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். நேற்று என்ன சாப்பிட்டார் என்பது இதய நோயை ஆராய்பவருக்குப் பெரிதாக உதவாது. வழக்கமாக என்ன சாப்பிடுகிறார் என்பதுதான் வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களிடம் அதைக் கேட்டறிய இதைவிட மலிவான வழி இல்லை.

அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த வால்டர் வில்லட் குழுவினர் 1985-இல் வெளியிட்ட வினாத்தாளில் 61 உணவுகளே இருந்தன. பாஸ்டன் பகுதிச் செவிலியர்களின் தட்டை அது ஓரளவு பிடித்துவிட்டது. சிங்கப்பூரில் 1993-இல் தொடங்கிய சீனர் நலவாழ்வு ஆய்வுக்கு 165 தேவைப்பட்டன. அந்த ஆய்வில் இருந்த 63,257 பேரும் சீனர்கள், அதிலும் ஹொக்கியன், கான்டனீஸ் மரபினர் மட்டும். அதே ஊரில் மலாய்க்காரரும் தமிழரும் சேர்ந்து வந்து உட்காரும் ஒரு மருத்துவமனை ஆய்வுக்குப் பட்டியல் தயாரிப்பது வேறு வகைத் தலைவலி.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். ரத்தக் கொழுப்பு கூடிய நோயாளிகளின் உணவில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு, அது அவர்களுடைய எல்.டி.எல். அளவோடு எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். பட்டியலை மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுதக்கூடாது. முதலில் கொஞ்சம் பேரிடம் முந்தைய 24 மணி நேரத்தில் வாயில் போட்டது அத்தனையையும் ஒன்று விடாமல் கேட்டு எழுதுவார்கள். அதிலிருந்து எந்தெந்த உணவு நிறைவுற்ற கொழுப்பில் பெரும்பங்கு தருகிறது என்று வரிசைப்படுத்துவார்கள். பங்கு மட்டும் போதாது. எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடும் ஒன்று, எவ்வளவு பெரிய பங்கு தந்தாலும், ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. ஆளுக்கு ஆள் மாறுபடும் உணவுக்குத்தான் பட்டியலில் முதலிடம்.

பொறி இந்த இடத்தில்தான் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் சீனர்கள், இந்தியர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மக்கள்தொகை விகிதப்படி நூறு பேரைப் பிடித்துக் கேட்டால் அதில் ஒன்பது இந்தியர்கள்தான் வருவார்கள். அவர்களில் நான்கு பேர் தோசைக்குக் கெட்டித் தேங்காய்ச் சட்னி தொட்டுக்கொண்டாலும், நூறு பேரின் மொத்தக் கொழுப்பில் அந்தச் சட்னியின் பங்கு கண்ணுக்கே தெரியாது. பட்டியலை வெட்டும்போது அது முதலில் போய்விடும். விகிதப்படி எடுப்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் பட்டியல் தயாரிக்கும் வேலைக்கு ஒவ்வொரு சமூகத்திலும் சம எண்ணிக்கையில் ஆள் வேண்டும், வரிசைப்படுத்துவதையும் தனித்தனியாகச் செய்து பிறகுதான் ஒன்றுசேர்க்க வேண்டும்.

அடுத்தது சமையலறை. மீன் கறி என்று ஒரு வரி போட்டால் எல்லாருக்கும் புரியும், எல்லாரும் பதில் சொல்வார்கள், அதனாலேயே அது ஆபத்தான வரி. மலாய் வீட்டில் அது பெரும்பாலும் தேங்காய்ப்பாலில் கொதிக்கும். தமிழ் வீட்டில் புளி கரைத்து ஊற்றியதாக இருக்கலாம். தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது என்பதால், இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுப் பெருக்கினால் கணக்கு தலைகீழாகிவிடும். வரியை "தேங்காய்ப்பால் சேர்த்தது", "சேர்க்காதது" என்று இரண்டாக உடைப்பது முதல் தீர்வு. வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் சமையல் குறிப்புகளை வாங்கி, எண்ணெய் எவ்வளவு, பால் எவ்வளவு என்று அளந்து, அந்தந்தக் குறிப்புக்கான சத்துக் கணக்கைத் தயாரிப்பது அடுத்தது. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பல ஆய்வுகளில் பட்டியலுக்குச் செலவிட்ட கவனத்தில் பாதிகூட இந்தக் குறிப்புகளுக்குப் போவதில்லை என்பது என் எண்ணம்.

அளவு கேட்பதும் லேசில்லை. சீனக் குடும்பத்தில் கறிகள் மேசை நடுவில் இருக்கும், ஆளாளுக்கு எடுத்துக்கொள்வார்கள். தன் பங்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று புகைப்படங்களைக் காட்டினால் கொஞ்சம் உதவும். லக்சாவுக்குப் புகைப்படமும் போதாது. ஒரு கிண்ண லக்சாவில் நூறு மில்லி கெட்டித் தேங்காய்ப்பால் இருப்பதாகக் கொள்ளுங்கள். அதில் கிட்டத்தட்ட 20 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கும். நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்சவரம்பே சுமார் 22 கிராம்தான். நூடுல்ஸை மட்டும் தின்றுவிட்டுக் குழம்பைப் பாதி வைத்துவிட்டுப் போகிறவருக்கும், கிண்ணத்தைத் தூக்கிக் குடித்து முடிப்பவருக்கும் ஒரே வேளையில் பத்து கிராம் அளவுக்கு வித்தியாசம் வந்துவிடுகிறது. ஆகவே லக்சா வரிக்குக் கீழே இன்னொரு கேள்வி வேண்டும்: குழம்பை முழுவதும் குடிப்பீர்களா, பாதியா, விட்டுவிடுவீர்களா?

பட்டியல் தயாரானதும் சரிபார்ப்பு. எதோடு ஒப்பிடுவது? எந்தக் கேள்வியும் கேட்காமல் ஒருவர் சாப்பிட்ட நிறைவுற்ற கொழுப்பைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் நம்பும்படி இல்லை, மாவுச்சத்திலிருந்து உடலே அந்தக் கொழுப்பைத் தயாரித்துக்கொள்ளும். எனவே 24 மணி நேர நினைவுகூரலையே பல தடவை எடுப்பார்கள். ஆறு தடவை என்றால், சில மாதங்கள் இடைவெளி விட்டு, வார நாளும் வார இறுதியும் கலந்து, முன்னறிவிப்பு இல்லாமல் தொலைபேசியில். எல்லாவற்றையும் நோன்பு மாதத்திலோ சீனப் புத்தாண்டை ஒட்டியோ எடுத்தால் அந்த ஒரு மாதத்துச் சாப்பாடு ஆண்டு முழுவதற்குமானதாகிவிடும். பிறகு நினைவுகூரலின் சராசரியும் வினாத்தாளின் கணக்கும் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று பார்ப்பார்கள். ஒட்டுறவு எண் 1 என்றால் இரண்டும் முழுக்கச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன, 0 என்றால் அப்படிச் சேர்ந்து போவதே இல்லை. இந்தத் துறையில் 0.4-க்கும் 0.7-க்கும் நடுவில் வந்தால் திருப்திப்படுவார்கள்.

மூன்று சமூகத்திலும் நாற்பது நாற்பது பேராக 120 பேரைச் சோதித்து, மொத்தமாக 0.6 வந்ததாக வைத்துக்கொள்வோம். நல்ல எண், கட்டுரையில் எழுதிவிடலாம். ஆனால் மூன்று குழுக்களின் சராசரி ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கிறது: ஒன்று 35 கிராம், ஒன்று 27, ஒன்று 20. எந்தக் குழு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வினாத்தாள் ஓரளவு சரியாகச் சொன்னாலே மொத்த எண் உயர்ந்துவிடும். ஒருவருடைய சமூகத்தை மட்டும் தெரிந்துகொண்டு ஊகித்தாலும்கூட ஏறக்குறைய அவ்வளவு வந்திருக்கலாம். பிரித்துப் பார்த்தால் முதல் குழுவுக்குள் 0.5, இரண்டாவதில் 0.45, மூன்றாவதில் 0.1 என்று வருகிறது. அந்த மூன்றாவது குழுவில் அதிகம் சாப்பிடுபவர் யார், குறைவாகச் சாப்பிடுபவர் யார் என்று இந்த வினாத்தாளுக்குத் தெரியவில்லை. இந்த எண்கள் நான் கற்பித்தவை. ஆனால் இது எங்கும் நேரக்கூடியது, குழுவாரியாகப் பிரித்துக் காட்டாத எந்தச் சரிபார்ப்பையும் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

காரணத்தைக் கண்டுபிடிக்க நினைவுகூரல் தாள்களுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு கணக்கும் அதிகம் விலகிய பத்துப் பேரை எடுத்து, அவர்கள் சாப்பிட்ட ஒவ்வொன்றுக்கும் வினாத்தாளில் வரி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தால் ஓட்டை தெரியும். தோசை இருக்கிறது, சட்னி இல்லை. சாதம் இருக்கிறது, மேலே விட்ட நெய் இல்லை. முறுக்கு "மற்ற நொறுக்குத் தீனி" என்ற வரிக்குள் உருளைக்கிழங்கு வறுவலோடு கிடக்கிறது. வரிகளைச் சேர்த்துவிட்டு அந்தக் குழுவை மீண்டும் சோதிக்க வேண்டும், அதுவும் புது ஆட்களை வைத்து. பழைய ஆட்களின் தட்டைப் பார்த்துத் திருத்திய பட்டியல் அவர்களுக்குப் பொருந்துவதில் ஆச்சரியம் இல்லையே.

ஒட்டுறவு எண் இன்னொன்றையும் மறைக்கும். வினாத்தாள் எல்லாருக்கும் உண்மையில் பாதியைத்தான் காட்டினாலும், வரிசை மாறாதவரை எண் உயரமாகவே இருக்கும். இதற்காகத்தான் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் 'லான்செட்' இதழில் ஓர் எளிய படத்தை முன்வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கணக்கின் வித்தியாசத்தை, அவற்றின் சராசரிக்கு எதிராகப் புள்ளி வைத்துப் பார்ப்பது. புள்ளிகள் பூஜ்யக் கோட்டுக்குக் கீழேயே நின்றால் வினாத்தாள் குறைத்துக் காட்டுகிறது. வலப்புறம் போகப்போக இன்னும் கீழே சரிந்தால், அதிகம் சாப்பிடுபவர்கள் அதிகம் மறைக்கிறார்கள்.

மறைக்கத்தான் செய்கிறார்கள். 2003-இல் வெளியான அமெரிக்காவின் ஓப்பன் ஆய்வில், உடல் உண்மையில் செலவிடும் ஆற்றலைத் தனி அடையாளமிட்ட நீரைக் குடிக்கவைத்து அளந்தார்கள். உணவு அலைவெண் வினாத்தாளில் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக வந்தது. 24 மணி நேர நினைவுகூரலிலும் குறைவுதான், அந்த அளவுக்கு இல்லை. ஆக, ஒப்பிடப் பயன்படுத்தும் கருவியும் அதே பக்கமாகச் சாய்ந்தது. பிராட்டாவை வினாத்தாளில் விட்டுவிடுபவர் தொலைபேசியிலும் விட்டுவிடுவார். இரண்டும் ஒத்துப்போகும், இரண்டும் தவறாக இருக்கும்.

நோயாளிகளிடம் இது இன்னும் கூடுதல். ஆறு மாதத்துக்கு முன் மருத்துவர் "கொழுப்பைக் குறையுங்கள்" என்று சொல்லியிருப்பார். கடந்த ஓராண்டு என்று கேட்டால் பாதி பழைய சாப்பாடு, பாதி புதுச் சாப்பாடு. சொல்லும் பதிலோ பெரும்பாலும் மருத்துவர் கேட்க விரும்புவது. நோய் கண்டறிந்த தேதியை எழுதிக்கொண்டு, அதற்கு முன்பா பின்பா என்று தெளிவாகக் கேட்பதும், சிகிச்சை தரும் குழுவைச் சேராதவர் கேட்பதும் இதைக் கொஞ்சம் குறைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகு கையில் வரும் வினாத்தாளை வைத்து "இந்த நோயாளி தினம் 24 கிராம் நிறைவுற்ற கொழுப்பு சாப்பிடுகிறார்" என்று எழுத முடியாது. ஒரே சமூகத்துக்குள் அதிகம் சாப்பிடும் ஐந்தில் ஒரு பங்கினரையும் குறைவாகச் சாப்பிடும் ஐந்தில் ஒரு பங்கினரையும் பிரித்து, அவர்களுடைய எல்.டி.எல்.-ஐ ஒப்பிடலாம். கிராம் கணக்கே வேண்டுமென்றால் ஆய்வில் உள்ள ஒரு பகுதியினருக்கு நினைவுகூரலும் எடுத்து, அதைக் கொண்டு மற்றவர்களின் எண்களைக் குழுவாரியாகத் திருத்த வேண்டும். திரும்பச் சோதித்தும் மூன்றாவது குழுவில் எண் ஏறவில்லையென்றால், அந்தக் குழுவுக்கு வினாத்தாளைக் கைவிட்டு நினைவுகூரலை மட்டும் பயன்படுத்த வேண்டியதுதான், செலவு கூடினாலும்.